தூக்கக் கலக்கம் வேறு, சொல் வராமல் போவது வேறு: டோபிராமேட் மாத்திரை பற்றி

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. பட்டர்வொர்த்தில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். வலிப்புக்கு முதலில் கார்பமாசெபைன் கொடுத்தார்கள். பகலெல்லாம் தூங்கி வழிந்தார், மூன்று நான்கு வாரத்தில் அது பழகிவிட்டது. வலிப்பு முழுதாக நிற்காததால் இப்போது டோபிராமேட் சேர்த்திருக்கிறார்கள். முதல் வாரம் இரவில் 25, அடுத்த வாரம் காலை 25 இரவு 25, மூன்றாம் வாரம் 50 50, இப்போது 100 100. தூக்கம் இல்லை, நன்றாக விழித்துத்தான் இருக்கிறார். ஆனால் பேசும்போது நடுவில் நின்றுவிடுகிறார். தினமும் விற்கிற சாமானின் பெயரே வாயில் வருவதில்லை. கணக்குப் போடவும் நேரம் எடுக்கிறது. இதுவும் பழகிவிடுமா? காத்திருக்கலாமா, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்:

நீங்களாக நிறுத்த வேண்டாம். அதே சமயம், முன்பு பழகியதுபோல் இதுவும் பழகிவிடும் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். கோலாலம்பூரில் நரம்பியல் கிளினிக்கை ஒட்டிய மருந்தகத்தில் நீண்ட காலம் வேலை செய்த மருந்தாளர் என்ற முறையில், நீங்கள் விவரித்திருப்பது டோபிராமேட்டின் தனி அடையாளம் என்றே எனக்குப் படுகிறது. அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரைக்கும் பொறுக்காமல், இந்த வாரமே கிளினிக்கைத் தொலைபேசியில் அழைத்து, அளவை எந்தப் படிக்கு இறக்குவது என்று கேளுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மருத்துவரிடம் எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அவர் எடுக்கும் முடிவும் அமையும். "மாத்திரை சாப்பிட்டதிலிருந்து மந்தமாக இருக்கிறார்" என்று மட்டும் சொன்னால், பரபரப்பான கிளினிக்கில் அது தூக்கக் கலக்கம் என்றே குறிக்கப்பட்டு, "பழகிவிடும், தொடருங்கள்" என்ற பதிலோடு முடிந்துவிடக்கூடும்.

முதலில், கார்பமாசெபைனின் தூக்கம் எப்படிப் பழகியது என்பதைப் பார்ப்போம். அதில் ஒரு பகுதிதான் மூளை பழகிக்கொண்டது. மீதி கல்லீரலின் வேலை. கார்பமாசெபைன் தன்னைச் சிதைக்கும் நொதிகளைத் தானே கூட்டிக்கொள்ளும் மருந்து. தொடக்கத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும். மூன்று முதல் ஐந்து வாரம் போனபின் அதே வேலை அரை நாளைச் சற்றே தாண்டிய நேரத்தில் முடிந்துவிடும். அதாவது உங்கள் கணவர் அதே மாத்திரையைத்தான் விழுங்கினார், ஆனால் நான்காவது வாரத்தில் அவர் உடம்பில் தங்கிய மருந்து முதல் வாரக் கணக்கில் தங்கியிருக்க வேண்டியதைவிடக் குறைவு. டோபிராமேட் இப்படிச் செய்வதில்லை. அதன் பெரும்பகுதி உருமாறாமல் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. தனியாகச் சாப்பிடும்போது அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 21 மணி நேரம் ஆகும், இது முதல் மாதத்திலும் ஆறாவது மாதத்திலும் ஒன்றுதான். ஆகவே சென்ற மருந்தின் அனுபவத்தை வைத்து இந்த மருந்தைக் கணிக்க முடியாது.

இரண்டும் மூளையில் செய்யும் காரியமும் வேறு. பினோபார்பிட்டல், குளோனாசெபாம் போன்ற பழைய மாத்திரைகள், மூளையை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளுக்குத் துணை செய்வதால் விழிப்பு நிலையையே கீழே இறக்குகின்றன. கார்பமாசெபைன் வேறு வழியில், நரம்பணுக்களின் சோடியம் வாயில்களை அடைத்து வேலை செய்தாலும், அளவு கூடும்போது வருவது தூக்கமும் தலைசுற்றலும் பார்வை இரண்டாகத் தெரிவதும்தான். டோபிராமேட் சோடியம் வாயிலையும் அடைக்கிறது, காபாவுக்கும் துணை செய்கிறது, அத்துடன் குளுட்டமேட் என்ற தூண்டும் பொருள் வேலை செய்யும் ஒரு வகை ஏற்பிகளையும் தடுக்கிறது. நாம் ஒரு சொல்லைத் தேடும்போது, வழக்கமாக இடப்பக்க முன்மூளை சுறுசுறுப்பாகும், சும்மா இருக்கும்போது அலைபாயும் பகுதிகள் அடங்கி வழிவிடும். டோபிராமேட் சாப்பிடுகிறவர்களைச் சொல் தேடவைத்து மூளையை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளில், அந்த அடங்குதல் சரியாக நடக்கவில்லை என்று தெரிந்தது. ஆள் விழித்திருக்கிறார், கேட்பது புரிகிறது, பதிலும் மனத்தில் இருக்கிறது, ஆனால் சொல்லை எடுத்துக் கொடுக்கிற வேலை மட்டும் தடுமாறுகிறது.

இதைக் கடையிலேயே பிரித்துப் பார்க்கலாம். தூக்கக் கலக்கம் உள்ளவரை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கும், கூப்பிட்டபின் "பிரேக் பேட்" என்ற பெயர் சரியாக வந்துவிடும். முகம் கழுவினால், ஒரு கோப்பி குடித்தால், அரை மணி நேரம் கண்ணயர்ந்தால் தெளிவு கூடும். மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் கலக்கம் அதிகமாகவும், அடுத்த வேளைக்கு முன்னால் குறைவாகவும் இருக்கும். டோபிராமேட்டின் தடுமாற்றத்தில் கண் தெளிவாக இருக்கும். சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கை சரியாகக் காட்டும். "அதுதான், சக்கரத்துக்கு உள்ளே அழுத்திப் பிடிக்குமே, அந்த இது" என்று பொருளை விளக்குவார், பெயர் மட்டும் வராது. நீங்கள் முதல் எழுத்தைச் சொன்னால் பெரும்பாலும் உடனே பிடித்துக்கொள்வார். கோப்பியாலும் தூக்கத்தாலும் இது மாறாது. இந்த மருந்து உடம்பில் நெடுநேரம் தங்குவதால் காலைக்கும் மாலைக்கும் பெரிய வித்தியாசமும் இருக்காது. கணக்கில் தாமதம் வருவதும் இதன் பகுதிதான்: ஓர் எண்ணை மனத்தில் பிடித்துக்கொண்டு அடுத்த எண்ணைக் கூட்டும் திறன் தளர்ந்துபோகிறது. படித்த பத்தியையே திரும்பப் படிப்பதும், பேச்சின் நூல் அறுந்து "என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?" என்று கேட்பதும் அதே வகைதான்.

நம் ஊரில் இதைக் கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்துகிற ஒரு வழக்கம் உண்டு. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ கடை வைத்திருக்கும் தமிழர் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி பேசுகிறார். தமிழில் சொல் வராவிட்டால் மலாயில் ஒன்று வந்து விழுகிறது, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலம். எதிரில் இருப்பவருக்கு வித்தியாசமாகவே படாது. பேசுகிறவருக்கும் தெரியாமல் போகலாம். உங்கள் கணவரின் கடையில் சாமான்களுக்கு ஒரே பெயர்தான், மாற்றிச் சொல்ல இன்னொன்று இல்லை என்பதால்தான் அது உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த மருந்து சாப்பிடுகிற சிலருக்குத் தம் தடுமாற்றம் தமக்கே முழுதாகத் தெரிவதில்லை. ஆகவே மருத்துவர் அவரிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, அவர் "பரவாயில்லை" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள், நீங்களும் உள்ளே போய் உட்கார்ந்து, பார்த்ததைச் சொல்லுங்கள். சொல் வராத கூச்சத்தில் சிலர் பேசுவதையே குறைத்துக்கொள்வார்கள், வீட்டில் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள். டோபிராமேட்டுக்கு மனச்சோர்வைக் கொண்டுவரும் தன்மையும் உண்டு என்பதால், அவர் வெறுமனே அமைதியாகிவிட்டாரா, எதிலும் நாட்டமில்லாமல் போய்விட்டாரா என்பதையும் கவனித்துச் சொல்ல வேண்டும்.

இனி நீங்கள் கொடுத்த அளவுகளுக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு 25, பிறகு 50, பிறகு 100, பிறகு 200 மில்லிகிராம். பெரியவர்களுக்கு வலிப்புக்காக இந்த மருந்தைக் கூட்டும் வழக்கமான முறை, இரவில் 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்கி, ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாள் அளவில் 25 முதல் 50 வரை ஏற்றுவது. முதல் மூன்று படிகள் அதற்குள் அடங்குகின்றன. நான்காவது படி ஒரே தாவலில் 100 கூடியிருக்கிறது, அது வழக்கத்தைவிட வேகம். மருத்துவர் காரணத்தோடு அப்படி எழுதியிருக்கலாம். அல்லது இடையில் வேறு ஏதாவது நடந்திருக்கலாம்: இந்த மாத்திரை 25, 50, 100 என்று பல வலிமைகளில் வருகிறது, முன்பு 50 மில்லிகிராம் மாத்திரையாக இருந்தது இப்போது 100 ஆக மாறியிருந்து, "வேளைக்கு ஒன்று" என்ற எண்ணிக்கை மட்டும் அப்படியே தொடர்ந்திருந்தால், யாரும் நினைக்காமலே அளவு இரட்டிப்பாகிவிடும். பொட்டலத்தின் லேபிளில் "1 பிஜி, 2 காலி செஹாரி" என்பதை மட்டும் பார்க்காமல், மாத்திரையின் மில்லிகிராமையும் பார்த்து, மருத்துவரின் குறிப்போடு ஒப்பிட்டுக் கேளுங்கள். இந்தக் கேள்வியைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம், மருந்தகத்தில் இருப்பவர்கள் பதிவைப் பார்த்துச் சொல்வார்கள்.

வேகம் ஏன் முக்கியம் என்றால், டோபிராமேட்டின் தடுமாற்றம் அளவைப் பொறுத்தும் வருகிறது, அந்த அளவுக்கு எவ்வளவு சீக்கிரம் ஏறினோம் என்பதைப் பொறுத்தும் வருகிறது. மெதுவாக ஏற்றினால் பலருக்கு வராமலே போகிறது. வேகத்தால் வந்த பொதுவான மந்தம் சில வாரங்களில் தணிவதும் உண்டு. ஆனால் சொல் தேடும் தடுமாற்றம் ஒரு குறிப்பிட்ட அளவில் தெளிவாகப் பிடித்துக்கொண்டால், அந்த அளவு நீடிக்கும் வரை அதுவும் நீடிப்பதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வலிப்பு நன்றாகக் கட்டுப்பட்டிருந்தும் இந்த மாத்திரையைக் கைவிட்டவர்களில் பலர் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் கைவிட்டார்கள்.

உங்கள் கணவர் விஷயத்தில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கார்பமாசெபைன் கூட்டிவிடும் அதே நொதிகள் டோபிராமேட்டையும் கொஞ்சம் சிதைக்கின்றன, அதனால் இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 40 விழுக்காடு குறைகிறது. அவர் விழுங்கும் 200 மில்லிகிராம், தனியாக டோபிராமேட் மட்டும் சாப்பிடுகிறவருக்கு 120 செய்கிற வேலையைத்தான் செய்கிறது. அந்த அளவிலேயே இவ்வளவு தடுமாற்றம் என்றால், அவர் இந்த மருந்துக்கு எளிதில் ஆளாகிறவர் என்றே கொள்ள வேண்டும். சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் இப்படி நேரலாம், ஏனென்றால் அப்போது மருந்து வெளியேறாமல் தங்கிவிடும். சிறுநீரகம் ஓரளவுக்கு மேல் தளர்ந்தவர்களுக்கு வழக்கமான அளவில் பாதிதான் கொடுக்க வேண்டும். நம்மவர்களிடம் இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு அவற்றில் ஏதேனும் இருந்தால், கடைசியாக எடுத்த சிறுநீரகப் பரிசோதனையின் முடிவை எடுத்துக்கொண்டு போங்கள்.

கிளினிக்குக்குப் போகும் முன் வீட்டில் ஓர் எளிய சோதனை செய்து எழுதி வையுங்கள். காலையில் ஒரே நேரத்தில், ஒரு நிமிடம் கடிகாரம் பார்த்து, தெரிந்த விலங்குகளின் பெயர்களைத் தமிழில் மட்டும் சொல்லச் சொல்லி எண்ணுங்கள். பிறகு இன்னொரு நிமிடம், "ப" வரிசையில் தொடங்கும் சொற்களை, ஆட்பெயர் ஊர்ப்பெயர் இல்லாமல். இரண்டாவது சோதனையில்தான் டோபிராமேட்டின் பிடி தெளிவாகத் தெரியும். கிடைத்த எண்ணை உங்களோடோ பிள்ளைகளோடோ ஒப்பிடாதீர்கள், படிப்பும் வயதும் அதை மாற்றும். அவருடைய எண்ணை அவருடைய எண்ணோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். அளவு மாறிய ஒரு வாரம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஒரு வாரம் என்று சொல்வதற்குக் காரணம், டோபிராமேட் புதிய அளவில் நிலைபெற நான்கைந்து நாள் போதும், கார்பமாசெபைனோடு சேர்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம். அளவு இறங்கிய ஒரு வாரத்தில் "ப" வரிசை 6-இலிருந்து 11 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம், அந்த ஒரு வரி மருத்துவருக்கு நீண்ட விளக்கத்தைவிட உதவும். பழக்கத்தால் ஒன்றிரண்டு கூடுவது இயல்பு. ஆகவே எண் கூடுவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளலாம், குறைந்தால் நிச்சயம் கவனிக்க வேண்டும்.

எல்லாத் தடுமாற்றத்தையும் மாத்திரையின் தலையில் கட்டிவிடவும் கூடாது. மூளையின் இடப்பக்கத்தில், காதுக்கு மேலே இருக்கும் பொட்டு மடலில் தொடங்கும் வலிப்பே பெயர் மறக்கச் செய்யும். மாத்திரையால் வருவது நாள் முழுதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வலிப்பால் வருவது ஒன்றிரண்டு நிமிடம் பேச்சு அடைபட்டு, பார்வை வெறித்து, அதன்பின் சிறிது நேரம் குழம்பி, பிறகு தெளிந்துவிடும். அப்படி நடந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். திடீரென்று பேச்சு குழறி, முகம் ஒருபக்கம் கோணி, கையோ காலோ தளர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், யோசிக்காமல் 999-ஐ அழைக்க வேண்டும். இன்னொரு நிலை, வேல்புரோயேட் என்ற மாத்திரையோடு டோபிராமேட் சேரும்போது வரக்கூடியது: இரத்தத்தில் அமோனியா கூடி, வாந்தியும் ஆழ்ந்த தூக்கமும் குழப்பமும் வரும். உங்கள் கணவர் அதைச் சாப்பிடுவதாக நீங்கள் சொல்லவில்லை. ஆனால் டோபிராமேட் சாப்பிடுகிறவர் விழிப்போடு தடுமாறுவதை விட்டுவிட்டு, வாந்தியோடு அயர்ந்து தூங்கத் தொடங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மருத்துவர் என்ன செய்யக்கூடும் என்பதையும் சொல்கிறேன். பெரும்பாலும் முதல் முடிவு, தடுமாற்றம் இல்லாத கடைசிப் படிக்கு, அதாவது 50 50-க்கு இறங்கி, அங்கே இரண்டு வாரமாவது நின்று பார்ப்பதாக இருக்கும். மூன்றாம் வாரத்தில், 50 50 சாப்பிட்டபோது, அவர் பேச்சு எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள். அது மருத்துவரின் முடிவைத் தீர்மானிக்கும். அங்கிருந்து மறுபடி ஏற வேண்டுமானால் இரண்டு வாரத்துக்கு 25 என்ற வேகத்தில் ஏறலாம். கார்பமாசெபைனோடு சேர்க்கும்போது நாளுக்கு 200 மில்லிகிராம் பலருக்குப் போதுமானது; 400-ஐத் தாண்டி ஏற்றுவதால் கூடுதல் பலன் இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. அளவைக் குறைத்தால் சொற்கள் திரும்பி வருமா என்பது உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வியாக இருக்கும். வரும். சில நாளில் தொடங்கி, சில வாரங்களுக்குள் முன்பிருந்த நிலைக்கு வந்துவிடுவதே வழக்கம், இது மூளையில் விழும் நிலையான பழுது அல்ல.

இறக்கிய அளவில் வலிப்பு மீண்டும் தலைகாட்டினால், வேறு மருந்துக்கு மாறும் பேச்சு வரும். லாமோட்ரிஜின் சிந்தனையை மிகக் குறைவாகவே தொடும், ஆனால் தோலில் கடுமையான தடிப்பு வராமல் இருக்க அதை வாரக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும். லெவெடிராசெட்டம் சீக்கிரம் ஏற்றக்கூடியது, சொல் தேடலைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை, ஆனால் சிலருக்கு எரிச்சலும் கோபமும் கொண்டுவரும். எது பொருந்தும் என்பது அவருடைய வலிப்பின் வகையையும் குணத்தையும் தொழிலையும் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. வாயால் பிழைக்கிற தொழில் அவருடையது என்பதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு வலிப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதா, கடையில் பேச முடியாமல் நிற்பதா என்ற தெரிவில், மருத்துவரின் கணக்கும் அவருடைய கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எந்த வழியானாலும் டோபிராமேட்டை ஒரே நாளில் நிறுத்தினால் விடாத தொடர் வலிப்பு வரும் அபாயம் உண்டு. வாரத்துக்கு 50 முதல் 100 வரை என்று படிப்படியாகத்தான் இறக்குவார்கள்.

இதில் பலரும் தவறவிடுகிற ஓர் இடம் இருக்கிறது. டோபிராமேட் நன்றாக வேலை செய்தால், பிற்காலத்தில் "இனி கார்பமாசெபைனைக் குறைத்துவிடலாம்" என்று மருத்துவர் சொல்லக்கூடும். அப்போது கல்லீரலின் கூடுதல் நொதிகள் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும், டோபிராமேட்டின் அளவு ஒரு மில்லிகிராம்கூடக் கூட்டாமலே இரத்தத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். மாத்திரை மாறவில்லை, அளவு மாறவில்லை, ஆனால் பேச்சு மறுபடி நிற்கத் தொடங்கியது என்று குழம்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். கார்பமாசெபைனைக் குறைக்கும் நாளிலேயே டோபிராமேட்டின் அளவையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள், "ப" வரிசைச் சோதனையை அந்த மாதம் வாரம் ஒரு முறை செய்து குறித்து வையுங்கள்.